நாற்பதாவது பீஸில் என்ன நடந்தது?

பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் படிக்கும் பிள்ளைகள் கம்பெனிக்குப் பயிற்சிக்குப் போய்த் திரும்பும்போது ஒரு டைரியைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். லாக் புக், டெய்லி டைரி, பயிற்சிப் பதிவேடு என்று கல்லூரிக்குக் கல்லூரி பெயர் மாறும். நாளுக்கு ஒரு பக்கம். பக்கத்தின் கீழே கம்பெனி சூப்பர்வைசரின் கையெழுத்துக்கு ஓர் இடம், கல்லூரி கைடின் கையெழுத்துக்கு ஓர் இடம். பெரும்பாலான டைரிகளில் பக்கத்துக்குப் பக்கம் இருப்பது ஒரே வாசகம்தான்: "இன்று சி.என்.சி. மெஷின் பற்றிக் கற்றுக்கொண்டேன். ஆபரேட்டர் நன்றாக விளக்கினார். பயனுள்ள அனுபவமாக இருந்தது."

இதைப் படிக்கும் கைடு என்ன செய்வார்? இதில் பொய் ஏதுமில்லை. ஆனால் இதை அந்தப் பட்டறைக்குள் கால் வைக்காத ஒருவரும் எழுதிவிடலாம். அதுதான் கைடின் சிக்கல். அவர் அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு மாணவர் கற்றார் என்றும் சொல்ல முடியாது, கற்கவில்லை என்றும் சொல்ல முடியாது. கல்லூரிக்குத் தர அங்கீகாரம் கொடுக்க வருகிற குழு, பாடத்திட்டத்தில் சொன்ன திறன் மாணவருக்கு வந்ததற்குச் சான்று எங்கே என்று அவரைக் கேட்கும். "பயனுள்ள அனுபவம்" என்ற பக்கத்தை எடுத்து நீட்ட முடியாது.

அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் கழகம் இன்டர்ன்ஷிப்புக்கு வகுத்துள்ள வழிகாட்டுதல் இதில் தெளிவாகவே இருக்கிறது. மாணவர் தான் கவனித்தவற்றையும் திரட்டிய தகவல்களையும் தன் யோசனைகளையும் அன்றாடம் எழுத வேண்டும். தேவையான இடத்தில் படம் வரைய வேண்டும். அந்தப் பிரிவின் பொறுப்பாளரிடம் அன்றன்றைக்குக் கையெழுத்து வாங்க வேண்டும். மதிப்பெண் போடும்போது ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறதா என்பதோடு, பதிந்த தரவுகள், வரைந்த படங்கள், எழுதியவரின் சிந்தனைப் போக்கு ஆகியவையும் பார்க்கப்படும். டைரி எழுதுகிறவர்கள் கோட்டைவிடுவது அந்தக் கடைசி விஷயத்தில்தான். வேலையை எழுதுகிறார்கள். வேலையைப் பார்த்தபோது மனதில் என்ன ஓடியது என்பதை எழுதுவதில்லை.

ஒரு மாதிரியை வைத்துப் பார்க்கலாம். மெக்கானிக்கல் டிப்ளமா படிக்கும் மாணவர் ஒருவர் கோயம்புத்தூரில் ஒரு சின்ன பட்டறையில் பயிற்சியில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே இ.என். 8 எஃகுக் கம்பியில் ஒரு ஷாஃப்ட் கடைகிறார்கள். டிராயிங்கில் ஓரிடத்தில் விட்டம் 30 h7 என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் அந்த இடம் 30.000 மி.மீட்டருக்கு மேலே போகக்கூடாது, 29.979-க்குக் கீழே இறங்கவும் கூடாது. இடையில் இருப்பது 21 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 21 பங்கு. மெஷினில் பீஸை மாட்டிக் கழற்றுவதும், பத்துக்கு ஒரு பீஸை அளந்து சொல்வதும்தான் இவருக்குக் கொடுத்த வேலை. கேட்பதற்குச் சலிப்பான வேலைதான். ஆனால் டைரிக்கு இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது.

செவ்வாய்க்கிழமைப் பக்கத்தை அவர் இப்படி எழுதினால் போதும்:

"காலை 9.30 முதல் ஷாஃப்ட் லைன். வேலை: பீஸ் மாட்டுதல், பத்தாவது பீஸுக்கு ஒருமுறை 30 h7 விட்டத்தை அளத்தல். கருவி: 25–50 மி.மீ. டிஜிட்டல் மைக்ரோமீட்டர், மீச்சிற்றளவு 0.001. தொடங்கும் முன் 25 மி.மீ. ஸ்டாண்டர்டு வைத்துச் சரிபார்த்தேன். ஒவ்வொரு பீஸையும் மூன்று முறை அளந்து நடு அளவை எழுதினேன். 10ஆம் பீஸ் 29.986, 20ஆம் பீஸ் 29.989, 30ஆம் பீஸ் 29.993, 40ஆம் பீஸ் 29.996. அளவு ஏறிக்கொண்டே போகிறது. 40ஆம் பீஸுக்குப் பிறகு ஆபரேட்டர் அண்ணன் WEAR பக்கத்தில் X-க்கு –0.010 கொடுத்தார். 41ஆம் பீஸ் 29.986. என் ஊகம்: இன்சர்ட் முனை தேயத் தேயக் குறைவாக வெட்டுகிறது, அதனால் விட்டம் கூடுகிறது. சந்தேகம்: பீஸ் சூடாக இருப்பதால் விரிந்து அளவு கூடுதலாகக் காட்டுகிறதோ? தெரியாதது: ஏன் சரியாக 0.010? இன்னும் கூடக் குறைத்தால் அடிக்கடி திருத்த வேண்டியிருக்காதே?"

நீளமாக ஒன்றும் இல்லை, நோட்டில் முக்கால் பக்கம் வரும். இதில் ஒரு வரியைக்கூட இணையத்திலிருந்து எடுத்து எழுத முடியாது என்பதைக் கவனியுங்கள். அந்த நான்கு அளவுகளும் அந்தப் பட்டறையில், அந்தக் காலையில், அந்த மெஷினில் வந்தவை. கருவி எது, அதைச் சரிபார்த்தது எப்படி என்று எழுதியிருப்பதால் அளவுகளை நம்பலாம். பார்த்தது எது, ஊகித்தது எது, தெரியாதது எது என்று பிரித்து வைத்திருப்பதால் எழுதியவரின் தலைக்குள் நடந்தது தெரிகிறது. தெரியாது என்று எழுதினால் மார்க் குறையும் என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். நடப்பது நேர் எதிர். நல்ல கைடு முதலில் விரல் வைக்கும் வரியே அதுதான், ஏனென்றால் அடுத்த பக்கங்களில் அதற்குப் பதில் இருக்கிறதா என்று அவர் தேடப்போகிறார்.

ஆகவே புதன்கிழமைப் பக்கம் செவ்வாயின் தொடர்ச்சியாக அமைய வேண்டும். மாணவர் செட்டரிடம் அனுமதி கேட்டு ஒரு சின்ன சோதனை செய்கிறார். மெஷினிலிருந்து எடுத்த பீஸை உடனே அளக்கிறார்: 29.996. அதையே அரை மணி நேரம் சர்ஃபேஸ் பிளேட்டில் ஆறவைத்து மறுபடி அளக்கிறார்: 29.994. ஆக, சூட்டினால் 2 மைக்ரான் வித்தியாசம். எஃகு ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய 11 முதல் 12 மைக்ரான் விரியும் என்று வகுப்பில் படித்திருக்கிறார். 30 மி.மீ. விட்டத்துக்கு, 10 டிகிரி சூட்டுக்குக் கணக்குப் போட்டால் சுமார் மூன்றரை மைக்ரான் வருகிறது. பீஸ் அதைவிடக் குறைந்த சூட்டில்தான் இருந்திருக்கிறது, கூலன்ட் ஊற்றிக்கொண்டே கடைகிறார்களே. கணக்கும் அளவும் ஒத்துப்போகின்றன.

அப்படியானால் நேற்றைய ஏற்றத்துக்குச் சூடுதான் காரணமா? இல்லை என்று அவரே எழுதுகிறார்: நேற்று எல்லாப் பீஸையும் எடுத்த கையோடு அளந்தேன், எல்லாமே ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்திருக்கும், அதனால் சூடு எல்லா அளவிலும் ஒரே அளவு கூட்டியிருக்குமே தவிர, 10 முதல் 40 வரை 10 மைக்ரான் ஏற்றியிருக்காது, எனவே தேய்மானம் என்ற ஊகமே நிற்கிறது. மெஷினே காலையில் சூடேறி அளவை நகர்த்தியிருக்கலாம் என்ற வாய்ப்பு இன்னும் மிச்சம் இருக்கிறது. மதியத்துக்குப் பிறகும் அதே வேகத்தில் ஏறினால் அதையும் தள்ளிவிடலாம் என்று ஒரு வரி சேர்த்தால், படிக்கும் கைடு நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

'ஏன் 0.010?' என்ற கேள்விக்குப் பதிலும் அன்றே கிடைக்கிறது. மாணவர் ஆபரேட்டரிடம் கேட்கிறார்: "அண்ணா, ஒரேயடியா பதினஞ்சு மைக்ரான் குறைச்சுட்டா இன்னும் நேரம் ஓடுமில்லீங்களா?" அவர் சொல்லும் பதில்: "மேல போனா திருப்பிப் போட்டு ஒரு தட்டுத் தட்டலாம் தம்பி. கீழ போச்சுன்னா பழைய இரும்புக்குத்தான். நடுவுல வெச்சுட்டா ரெண்டு பக்கமும் இடம் இருக்கும்." மாணவர் கணக்குப் பார்க்கிறார். 30.000-க்கும் 29.979-க்கும் நடு 29.9895. 29.996-லிருந்து 0.010 குறைத்தால் 29.986, நடுவுக்குப் பக்கத்தில், கொஞ்சம் கீழே. இனி ஏறத்தான் போகிறது என்பதால் கொஞ்சம் கீழே தொடங்குவதும் நல்லதுதான். 15 மைக்ரான் குறைத்திருந்தால் 29.981-ல் போய் நின்றிருக்கும். அளவில் இரண்டு மைக்ரான் பிசகினாலும் கீழ் எல்லையைத் தொட்டுவிடும். ஆபரேட்டர் சொன்னதை அப்படியே எழுதுவது கேட்டதற்குச் சான்று. அதற்குக் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் கற்றதற்குச் சான்று.

வியாழக்கிழமை, 120 பீஸ் ஓடிய பிறகு இன்சர்ட்டின் முனையைத் திருப்பிப் போடுகிறார்கள். அதற்கு முன் மூன்று திருத்தம் சேர்ந்து ஆஃப்செட் –0.030-ல் நிற்கிறது. செட்டர் முதலில் அதைப் பூஜ்யமாக்குகிறார். பிறகு வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதல் அளவில் முதல் பீஸை ஓட்டி, அளந்து, மிச்சத்தைக் குறைக்கிறார். மாணவர் எழுதுகிறார்: "பழைய –0.030-ஐ அழிக்காமல் புது முனையில் ஓட்டியிருந்தால், முதல் பீஸ் 29.956 அளவுக்கு இறங்கியிருக்கும். எல்லை 29.979. பீஸ் வீண்." செட்டர் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. செவ்வாய் முதல் எழுதி வந்த அளவுகளிலிருந்து மாணவரே கண்டுபிடித்தது. மூன்று நாள் பக்கங்களையும் சேர்த்துப் பார்த்தால், செவ்வாயன்று ஊகமாக இருந்தது புதனன்று சோதனைக்கு உட்பட்டு, வியாழனன்று வேறொரு வேலையைப் புரிந்துகொள்ளப் பயன்பட்டிருக்கிறது. கைடுக்கு வேண்டிய சான்று இந்த நகர்வுதான். தனியாக 'கற்றவை' என்று தலைப்புப் போட்டு ஐந்து வரி எழுதினாலும் இதற்கு ஈடாகாது. பாடத்திட்டத்தில் அளவியல் பாடத்தின் எந்தப் பகுதி இதோடு சேரும் என்று வார இறுதியில் ஒரு வரி குறித்துவிட்டால், கைடின் வேலையும் பாதி முடிந்தது.

எல்லா நாளும் இப்படி அமையாது என்பது உண்மைதான். நாள் முழுக்கப் பிசிறு எடுத்த நாள் உண்டு, மெஷின் நின்றுபோய்ச் சும்மா இருந்த நாள் உண்டு. அந்த நாளை அப்படியே எழுதலாம், தப்பில்லை. இருநூறு பீஸுக்குப் பிசிறு எடுத்தவர் தொடக்கத்துப் பீஸில் பிசிறு மெல்லியதாகவும், கடைசிப் பீஸில் தடித்தும் இருப்பதைக் கவனித்திருப்பார். மழுங்கிய முனை வெட்டுவதற்குப் பதில் உலோகத்தைத் தள்ளுவதால் பிசிறு தடிக்கிறது. பிசிறு எந்த விளிம்பில், எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஒரு கைப்படம் போட்டால் அன்றைய பக்கம் நிறைந்துவிடும். மெஷின் நின்ற நாளில் எத்தனை மணிக்கு நின்றது, என்ன அலாரம் ஸ்கிரீனில் வந்தது, யார் வந்து எதைக் கழற்றினார், எத்தனை மணிக்கு ஓடியது என்று எழுதினால் அதுவே பராமரிப்புப் பாடம். உண்மையிலேயே ஒன்றும் இல்லாத நாளில் இரண்டு வரி எழுதி விட்டுவிடுவதே மேல். தினமும் சரியாக ஒரு பக்கம் நிறைந்திருக்கும் டைரியை நான் சந்தேகத்தோடுதான் திறப்பேன்.

உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதிய டைரியைக் கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. முழு டைரியும் ஒரே பேனாவில், ஒரே அழுத்தத்தில், ஓர் எண்ணெய்க் கறைகூட இல்லாமல் இருக்கும். ஆயுத பூஜைக்கு விடுமுறை விட்ட நாளில் மும்முரமாகக் கடைசல் வேலை நடந்திருக்கும். இதைவிட நுட்பமான சாட்சி அளவுகளில் இருக்கிறது. கருவி 0.01 மி.மீ. வரைதான் படிக்கும் சாதாரண மைக்ரோமீட்டர் என்று முதல் வாரத்தில் எழுதிவிட்டு, இரண்டாம் வாரத்தில் 29.987 என்று மூன்று தசமம் போட்டிருப்பார்கள். அந்த ஏழு எங்கிருந்து வந்தது என்று வைவாவில் கேட்டால் பதில் வராது. இன்னொரு சாட்சி, எல்லா அளவும் டிராயிங்கில் உள்ள அளவுக்கு அச்சு அசலாக ஒத்துப்போவது. நிஜ மெஷின் அப்படிக் கொடுக்காது.

இதைத் தவிர்க்க வழி எளிது. சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும். மெஷின் பக்கத்தில் நிற்கும்போது நேரம், பீஸ் எண், அளவு, காதில் விழுந்த ஒரு வார்த்தை, இவ்வளவுதான் அதில் வர வேண்டும். அன்று மாலையோ இரவோ அதைப் பார்த்து டைரியில் விரித்து எழுத வேண்டும். ஓரிரு நாள் தள்ளிப்போனால் அளவு நினைவிருக்கும், அது ஏன் மாறியது என்ற சந்தேகம் மறந்துபோயிருக்கும். தப்பாக எழுதியதை ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதித் தேதி போட்டால் போதும். வெள்ளை மை பூசினால் அடியில் என்ன இருந்தது என்ற கேள்வி வரும். தரக் கட்டுப்பாட்டுப் பதிவேடுகளிலும் இதே முறைதான், இப்போதே பழகிக்கொள்வதில் நட்டமில்லை.

மொழி விஷயத்தில் எனக்கு ஒரு கருத்து உண்டு. கல்லூரி ஆங்கிலத்தில்தான் வேண்டும் என்று சொன்னால் ஆங்கிலத்தில் எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் சின்ன நோட்டு பட்டறை பேசும் மொழியிலேயே இருக்கட்டும். ஆங்கிலத்தில் யோசித்து எழுத முயல்கிற மாணவர் பாதி நேரம் தெரிந்த வாக்கியத்துக்கு ஏற்றபடி நடந்ததை வளைத்துவிடுகிறார். 'கொஞ்சம் கீழே வெச்சு ஆரம்பிச்சாரு' என்ற குறிப்பிலிருந்து நல்ல ஆங்கில வாக்கியம் எடுக்கலாம்.

கையெழுத்து வாங்குவதில்தான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள். கடைசி நாளில் மொத்த டைரியையும் மேசையில் வைத்து, "சார், எல்லாத்துலயும் ஒரு சைன்" என்று நின்றால் சூப்பர்வைசர் போட்டுக்கொடுப்பார். ஆனால் முப்பது கையெழுத்தும் ஒரே மையில், ஒரே சாய்வில் இருப்பது கைடின் கண்ணுக்குத் தப்பாது. அன்றன்றைக்குக் கையெழுத்து என்பது விதியில் இருந்தாலும், ஷிஃப்ட் நடுவில் போய்த் தொந்தரவு செய்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஷிஃப்ட் முடியும்போது அவர் அன்றைய உற்பத்திச் சீட்டில் கையெழுத்துப் போடுவார் அல்லவா, அந்த நேரத்தில் முந்தைய நாள் பக்கத்தை நீட்டுங்கள். இரண்டு நிமிடத்தில் வேலை முடியும். அவர் வாசித்துவிட்டு, "இது –0.010 இல்லப்பா, அன்னைக்கு –0.008 கொடுத்தோம்" என்று திருத்தினால் இன்னும் நல்லது. அந்தத் திருத்தத்தை அப்படியே தெரியும்படி விட்டுவைத்து, பக்கத்தில் அவருடைய சுருக்கெழுத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார் என்பதற்கு அதைவிட ஆதாரம் இல்லை. கல்லூரி கைடு பட்டறைக்கு நேரில் வருகிற நாளில் டைரியைக் காட்டி அவரிடமும் அன்றே கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

பட்டறையின் ரகசியம் என்று ஒன்று இருப்பதையும் மறக்கக்கூடாது. டிராயிங்கை செல்போனில் படமெடுத்து டைரியில் ஒட்டுவது பல இடங்களில் பயிற்சியையே நிறுத்திவிடும் குற்றம். ஷாஃப்ட் யாருக்குப் போகிறது, பார்ட் நம்பர் என்ன, ஒரு பீஸுக்கு என்ன விலை என்பது எதுவும் டைரிக்குத் தேவையில்லை. 'வாடிக்கையாளர் அ, ஷாஃப்ட், 30 h7' என்றாலே போதும். படத்தைக் கையால் வரைந்து, பேசவேண்டிய ஒரு விட்டத்தை மட்டும் குறித்தால் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று முதல் நாளே சூப்பர்வைசரிடம் கேட்டு, அவர் சொன்னதை முதல் பக்கத்திலேயே எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் பின்னால் வம்பில்லை. சில கைடுகள், 'ஏன் டிராயிங் இல்லை, ஏன் முழு அளவும் இல்லை?' என்று கேட்பார்கள். அதற்கும் அந்த முதல் பக்கமே பதில்.

பயிற்சி முடிந்ததும் எழுதும் அறிக்கை இந்த டைரியிலிருந்துதான் பிறக்க வேண்டும். ஊரில் நடப்பது வேறு: கம்பெனியின் வரலாறும், மெஷின் வகைகளும் பத்துப் பக்கம் இருக்கும், மாணவர் செய்த வேலை அரைப் பக்கம் இருக்கும். மேலே சொன்ன ஷாஃப்ட் மாணவரிடம் அறிக்கைக்கு வேண்டியது கையிலேயே இருக்கிறது. பீஸ் எண்ணைக் கிடைக்கோட்டிலும் விட்டத்தைச் செங்கோட்டிலும் வைத்து, இரண்டு எல்லைக் கோடுகளையும் வரைந்து, தன் அளவுகளைப் புள்ளி வைத்தால், ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும் ஒரு வரைபடம் கிடைக்கும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் பக்கத்தில் எந்தத் தேதியில், எவ்வளவு ஆஃப்செட் என்று டைரிப் பக்க எண்ணைக் குறித்துவிட்டால், அறிக்கையில் சொன்ன ஒவ்வொன்றுக்கும் மூலம் எங்கே என்று வைவா எடுப்பவர் தானே புரட்டிப் பார்த்துக்கொள்வார்.

டைரியை ஒப்படைக்கும் முன் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது; கல்லூரி அலுவலகத்தில் டைரி தொலைவது புதிதல்ல. எண்ணெய்க் கறை படிந்த அந்தச் சின்ன நோட்டையும் மார்க் வருகிறவரை தூக்கிப் போட வேண்டாம். வைவாவில் யாராவது, "29.996-ஆ, நிஜமாவே அளந்தியா?" என்று கேட்டால், பையிலிருந்து எடுத்துக் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.